அப்பா ஆஸ்பத்திரியில், அசைன்மென்ட் வெள்ளிக்கிழமை: மேடத்துக்கு மெயில் எழுதுவது எப்படி?

"நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஞாயிறு இரவு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை கேர் பிளான் அசைன்மென்ட் தர வேண்டும். மேடத்திடம் அவகாசம் கேட்டு மெயில் எழுதி மூன்று முறை அழித்துவிட்டேன். கடைசியாக எழுதியது இது: 'மேடம், என் அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், மூச்சுத்திணறலோடு அட்மிட் செய்திருக்கிறார்கள், எக்கோவில் ஈ.எஃப். 30 சதவீதம்தான், லாசிக்ஸ் ஊசி போகிறது, கிரியாட்டினினும் கூடியிருக்கிறது, நான் மிகவும் மன உளைச்சலில் இருக்கிறேன், தயவுசெய்து சில நாட்கள் அவகாசம் தந்து உதவுங்கள், மன்னிக்கவும் மேடம்.' இது போதுமா? எவ்வளவு சொல்ல வேண்டும்? பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ?"

முதல் இரண்டு கேள்விகளைவிடக் கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தோன்றுகிறது. மெயிலில் லாசிக்ஸும் கிரியாட்டினினும் வந்ததற்கும் அதுதான் காரணம். நம்ப வைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் கேஸ் ஷீட்டையே எடுத்து எழுதிவிட்டீர்கள். நான் சில வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் பதினாறு வருடமாக நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இந்த மாதிரி மெயில்கள் எனக்கு ஒவ்வொரு செமஸ்டரும் வரும். படிக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் மெயிலில் இரண்டு குறைகள் தெரிகின்றன. தேவையில்லாதது நிறைய இருக்கிறது. தேவையான ஒன்று இல்லவே இல்லை.

இல்லாதது எது என்பதை வார்டை வைத்தே சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்யும் புது நர்ஸ், "சார், நாலாம் பெட் பேஷன்ட்டுக்கு பிரஷர் 84/50 இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில், "சரி, அதுக்கு?" என்று கேட்பார்கள். நேரில் வந்து பார்க்கச் சொல்கிறாரா, ஃப்ளூயிட் ஏற்ற ஆர்டர் கேட்கிறாரா, சும்மா தகவல் சொல்கிறாரா என்று புரியாது. இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் எஸ்பார் சொல்லித்தருகிறோம். இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு படிகள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்த முறை, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. அதில் மாணவர்கள் எப்போதும் தவறவிடுவது நான்காவது படியைத்தான். உங்கள் மெயிலிலும் அதுதான் விடுபட்டிருக்கிறது. "சில நாட்கள் அவகாசம்" என்பது கோரிக்கை ஆகாது. எந்த அசைன்மென்ட், இப்போதைய கெடு எப்போது, எந்த நாள் எத்தனை மணி வரை வேண்டும் என்று எதுவுமே அதில் இல்லை. மேடம் உங்கள் மேல் பரிதாபப்பட்டாலும், முடிவெடுக்க உங்களுக்குத் திரும்ப எழுதித்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரு மெயில் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். உங்களுக்கு அந்த ஒரு நாள் பெரிது.

அந்தத் தேதியை எப்படி முடிவு செய்வது? பெரும்பாலானவர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். இரண்டு நாள் என்றால் பணிவாகத் தெரியும் என்று நினைத்து இரண்டு நாள் கேட்பவர்கள் அதிகம். அப்புறம் மூன்றாம் நாள் இன்னொரு மெயில் வரும். அந்த இரண்டாவது மெயில்தான் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையைக் குறைக்கும். ஆகவே இரண்டு விஷயங்களைக் கணக்குப் போடுங்கள். எழுத வேண்டிய வேலை இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி? வீட்டுச் சுமை எப்போது குறையும்? ஒரு எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இன்று செவ்வாய். கேர் பிளானில் அசெஸ்மென்ட் முடிந்துவிட்டது. நான்கு நர்சிங் டயக்னோசிஸில் இரண்டுக்குத் திட்டம் எழுதிவிட்டீர்கள். மீதி இரண்டு, எவாலுவேஷன், மேற்கோள் பட்டியல் எல்லாம் சேர்ந்து எட்டு மணி நேர வேலை. இரவெல்லாம் அப்பாவுடன், காலையில் போஸ்டிங். சனிக்கிழமை அண்ணன் வந்து இரவுப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். சனிக்கிழமையை எழுதும் நாளாகக் கணக்கில் வைக்காதீர்கள், அன்று நீங்கள் தூங்கத்தான் போகிறீர்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது மணி நேரம். ஆக, அடுத்த புதன் மாலை 5 மணி. இப்படி வந்த தேதியை யார் கேட்டாலும் விளக்க முடியும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அப்பா டிஸ்சார்ஜ் ஆகும் நாளைச் சுமை குறையும் நாளாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரி நாட்களைவிடக் கடினமாக இருக்கலாம். மாத்திரை நேரம், உப்புக் கட்டுப்பாடு, தினமும் எடை பார்த்துக் குறிப்பது என்று எல்லாம் வீட்டில் நர்சிங் படிக்கும் ஒருவர் இருந்தால் அவர் தலையில்தான் விழும். உறவுக்காரர்கள் எல்லோரும் உங்களுக்குத்தான் போன் செய்து ரிப்போர்ட்டைப் படித்து விளக்கச் சொல்வார்கள். இதுவும் நேரத்தைத் தின்னும் வேலைதான்.

இப்போது எவ்வளவு சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். டாக்டரின் டயக்னோசிஸ் நோயைச் சொல்லும், நர்சிங் டயக்னோசிஸ் அந்த நோயால் மனிதருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருப்பீர்கள். மெயிலில் எழுத வேண்டியதும் அந்த இரண்டாவது வகைதான். அதிலும் அப்பாவுக்கு என்ன ஆகிறது என்பதைவிட, உங்களுக்கு என்ன ஆகிறது என்பதே முக்கியம். ஈ.எஃப். 30 சதவீதம் என்ற எண் மேடத்துக்கு எந்த முடிவையும் எடுக்க உதவாது. அவரும் நர்ஸ்தான் என்பதால் அதைப் பார்த்ததும் அப்பாவைப் பற்றிக் கவலைப்படுவார், இரண்டு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். "இரவு முழுவதும் ஒருவர் உடன் இருக்க வேண்டும், வெள்ளி வரை அது நான்தான்" என்ற ஒரு வரி இருந்தால் எல்லாம் புரிந்துவிடும். நர்சிங் டயக்னோசிஸ் பட்டியலிலேயே பராமரிப்பவரின் சுமையைக் குறிக்கத் தனியாக ஒரு பெயர் இருக்கிறது. பிரச்சினை, காரணம், அடையாளம் என்று கேர் பிளானில் மூன்று துண்டாக எழுதுவீர்களே, அதே போல உங்களுக்கு நீங்களே ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத நேரம் இல்லை, அப்பாவுக்கு இரவுத் துணை நான் மட்டும் என்பதால், நான்கில் இரண்டு திட்டம்தான் முடிந்திருக்கிறது. மெயிலின் உடம்பு இதுதான்.

விவரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அப்பாவின் நோய், அவருடைய தகவல். நீங்கள் அனுப்பும் மெயில் மேடத்தோடு நிற்காது. அவகாசம் தரும் அதிகாரம் கோர்ஸ் கோஆர்டினேட்டரிடம் இருந்தால் அவருக்கு ஃபார்வர்டு ஆகும், அலுவலகக் கோப்பில் போய்ச் சேரும். வார்டில் ஒரு பேஷன்ட்டின் கிரியாட்டினினை வேறொருவருக்கு மெயிலில் எழுதுவீர்களா? நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஒரு மாணவி தன் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டைப் புகைப்படம் எடுத்து இணைத்திருந்தார். நான் யோசிக்காமல் அதை அப்படியே அலுவலகத்துக்கு ஃபார்வர்டு செய்துவிட்டேன். ஒரு வாரத்தில் வகுப்பில் பலருக்கு அந்தச் செய்தி தெரிந்துவிட்டது. தவறு என்னுடையதுதான். அதிலிருந்து, சான்று கேட்டால்கூட நோயின் பெயர் இல்லாத அட்மிஷன் சீட்டு போதும் என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவையும் சேர்த்தால் மெயில் ஏறத்தாழ இப்படி வரும்.

பொருள்: கேர் பிளான் அசைன்மென்ட், வெள்ளிக்குப் பதில் அடுத்த புதன் வரை அவகாசம் கோரி, இரண்டாம் ஆண்டு, பதிவு எண் (உங்களுடையது)

மதிப்பிற்குரிய மேடம்,

மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் கேர் பிளானை வரும் வெள்ளி மாலை 5 மணிக்குள் தர வேண்டும். அதை அடுத்த புதன் மாலை 5 மணிக்குள் தர அனுமதி வேண்டுகிறேன்.

என் அப்பா ஞாயிறு இரவிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரவில் ஒருவர் உடன் இருக்க வேண்டும், வெள்ளி இரவு வரை அது நான் மட்டும்தான். சனிக்கிழமை என் அண்ணன் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்.

அசெஸ்மென்ட்டும் நான்கு நர்சிங் டயக்னோசிஸில் இரண்டுக்கான திட்டமும் முடிந்துவிட்டன. இதுவரை எழுதியதை இணைத்திருக்கிறேன். மீதிக்கு எட்டு மணி நேரம் தேவைப்படும், அதை ஞாயிறு முதல் செவ்வாய்க்குள் முடித்துவிடுவேன்.

அட்மிஷன் சான்று தேவையென்றால் தருகிறேன். பதில் வரும் வரை வெள்ளிக்கிழமையே கெடு என்று வைத்துத் தொடர்ந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு, (பெயர், வகுப்பு, போன் எண்)

இதில் மன்னிப்பு எங்கும் இல்லை, கவனித்தீர்களா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "மன உளைச்சல்" என்ற சொல்லும் இல்லை. உளைச்சல் உண்மையாகவே இருக்கும், அதை மறைக்கச் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தாலும் ஒரு வரிகூட ஓடவில்லை என்ற நிலை என்றால், அதை ஒரு வரியில் அப்படியே எழுதலாம். பொதுச் சொல்லாக எழுதும்போதுதான் அது எல்லா மெயில்களிலும் வரும் வாசகமாகிவிடுகிறது. பொருள் வரியையும் நீளமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. "மேடம்" என்று மட்டும் பொருள் போட்டு வந்த ஒரு மெயிலை நான் நான்கு நாள் கழித்துத்தான் திறந்தேன். அதற்குள் கெடு முடிந்திருந்தது.

பொய் என்று நினைப்பாரா என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். சிலர் நினைப்பார்கள். கெடுவுக்கு முந்தின இரவில் பாட்டிகள் இறந்துபோவதைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு பழைய ஜோக் உண்டு. ஆனால் நோயின் கடுமையை வைத்து யாரும் சந்தேகத்தைக் கைவிடுவதில்லை. நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, மெயில் வந்த நேரம். செவ்வாய்க்கிழமை வந்தால் ஒரு மாதிரி, வெள்ளி நாலரை மணிக்கு வந்தால் வேறு மாதிரி. இன்னொன்று, இணைத்திருக்கும் பாதி வேலை. பாதி எழுதிய கேர் பிளானை அனுப்பும் மாணவரை நான் சந்தேகப்பட்டதாக நினைவில்லை. ஆகவே இன்றே அனுப்புங்கள். அனுப்பும் முன் இணைப்பை ஒரு முறை திறந்து பாருங்கள். வரைவு நிலையில் பேஷன்ட்டின் முழுப் பெயர், ஐ.பி. நம்பர், பெட் நம்பர் எல்லாம் அப்படியே கிடக்கும். அவசரத்தில் அதோடு அனுப்பினால், அவகாசம் கேட்ட மெயிலே ரகசியம் காக்காத குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்.

மாணவர்கள் அனேகமாக யோசிக்காத ஒன்று இருக்கிறது. கேர் பிளான் மற்ற அசைன்மென்ட் மாதிரி இல்லை, அதில் உங்கள் பேஷன்ட் ஒருவர் இருக்கிறார். மேடம் உங்களுக்குப் புதன் வரை அவகாசம் தரலாம், உங்கள் பேஷன்ட் புதன் வரை வார்டில் இருக்க மாட்டார். நடுவில் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் எவாலுவேஷனுக்கு என்ன எழுதுவீர்கள்? போன வருடம் ஒரு மாணவர் நல்ல காரணத்தோடு ஒரு வாரம் வாங்கினார். திரும்பி வந்து பார்த்தால் பேஷன்ட் வீட்டுக்குப் போய்விட்டார், போஸ்டிங்கும் வேறு வார்டுக்கு மாறிவிட்டது. வலி குறைந்ததா, புண் ஆறியதா என்று எழுதக் கையில் எதுவும் இல்லை. கடைசியில் அவர் எழுதியது எல்லாம் ஊகம் என்று படித்ததுமே தெரிந்தது. எனவே எழுத நேரம் இல்லாவிட்டாலும், தினமும் போஸ்டிங் முடியும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, நீங்கள் எழுதிய இலக்குகளுக்கு எதிரே அன்றைய அளவீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி மதிப்பெண், உள்ளே போன திரவமும் வெளியே வந்ததும், நடந்த தூரம், எது பொருந்துமோ அது. வாக்கியமாக எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. எண்களை ஞாயிற்றுக்கிழமை எடுக்க முடியாது.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மேடத்தின் இடத்தில் நான் இருந்தால் அசைன்மென்டைவிட அதைத்தான் முதலில் கவனிப்பேன். இரவெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுக் காலையில் வார்டுக்கு வருகிறீர்களா? 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைவதாக 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் இன்சுலின் டோஸ் எடுப்பதை யோசித்துப் பாருங்கள். மேடம் தரும் அவகாசம் அசைன்மென்ட்டுக்கு மட்டும்தான், போஸ்டிங்குக்கு அது செல்லாது. கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் தனியாகப் பேசுங்கள், நேரில், டியூட்டி தொடங்கும் முன். "நேற்று இரவு தூங்கவில்லை, இன்று மருந்து தரும் வேலையை வேறொருவருடன் சேர்ந்து செய்யட்டுமா" என்று கேட்டால் போதும். விடுப்பு எடுத்தால் கிளினிக்கல் மணிநேரம் குறையும், அதைப் பின்னால் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மை. அதற்குப் பயந்து மூன்று இரவு விழித்தபடி வார்டுக்கு வருவது சரியான கணக்கு இல்லை.

உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன். வீட்டில் வந்திருப்பது தொற்றுநோய் என்றால் நோயின் பெயரை மறைக்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சின்னம்மை, உங்களுக்கு முன்பு வந்ததும் இல்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால், தொடர்பு ஏற்பட்ட 8-ஆம் நாளிலிருந்து, கடைசித் தொடர்புக்குப் பின் 21-ஆம் நாள் வரை பேஷன்ட்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். இதை அசைன்மென்ட் மெயிலில் ஒரு வரியாகப் புதைக்காமல், இன்ஸ்ட்ரக்டருக்கு உடனே போன் செய்து சொல்ல வேண்டும்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: கெடுவுக்கு முன் கேட்பது, நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேட்பது, முடிந்ததை இணைப்பது. இந்த மூன்றும் எங்கும் எடுபடும். மற்றவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் ஆசிரியரே அவகாசம் தரலாம். சில இடங்களில் தனிப் படிவம், சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும், மெயில் வெறும் முன்னறிவிப்புதான். உங்கள் கோர்ஸ் கையேட்டில் தாமதச் சமர்ப்பிப்பு பற்றிய பக்கத்தைப் பாருங்கள், நாளுக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். சான்றைக் கேட்காமலே இணைப்பதா என்பதில் என் சக ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது என் பழக்கம், அவ்வளவுதான். முன்பு ஒரு முறை அவகாசம் வாங்கியிருந்தால் அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். எப்படியும் பதிவேட்டில் இருக்கும்.

நாளை மதியம் வரை பதில் வராவிட்டால் இன்னொரு மெயில் போடாதீர்கள். போஸ்டிங் முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போய், "நேற்று ஒரு மெயில் அனுப்பியிருந்தேன் மேடம், புதன்கிழமை வரை கேட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். சரி என்று வாய்வழியாகச் சொன்னால், அன்றே அதே மெயிலுக்குக் கீழே "புதன் மாலை 5 மணி என்று அனுமதித்ததற்கு நன்றி மேடம்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். மதிப்பெண் போடும்போது அவருக்கு அந்தப் பேச்சு நினைவில் இருக்காது, அந்த வரி இருக்கும். முடியாது என்று சொன்னால், வெள்ளி ஐந்து மணிக்கு முடிந்த அளவைக் கொடுத்துவிடுங்கள். முழுமையான இரண்டு டயக்னோசிஸுக்கு மதிப்பெண் உண்டு. கொடுக்காத நான்குக்குப் பூஜ்யம்தான்.